மூச்சுப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும்: மது அளவுகள் ஏன் வேறுபடுகின்றன?

கேரள மாநிலம் பந்தளத்தில் உள்ள அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில், 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பேருந்து ஓட்டுநர்கள் சிலர் காலைப் பணிக்கு முந்தைய மூச்சுப் பரிசோதனையில் தோல்வியடைந்தனர். மது அருந்தவில்லை என்று அவர்கள் உறுதியாகக் கூறினர். சற்று முன்னர் அவர்கள் நன்கு பழுத்த பலாச்சுளைகளைத் தின்றிருந்தது தெரியவந்தது. ஏற்கெனவே பரிசோதனையில் தேறியிருந்த ஒருவருக்குப் பலாச்சுளை கொடுத்து மீண்டும் ஊதச் செய்தபோது, அவரும் மது அருந்தியவர் என்று கருவி காட்டியது. நாடு முழுவதும் வேடிக்கைச் செய்தியாகப் பரவிய இந்நிகழ்வு, சாலையோரத்தில் காவல்துறையினர் நீட்டும் அந்தச் சிறு கருவி உண்மையில் எதை அளக்கிறது என்ற கேள்வியையும் எழுப்பியது.

கருவி பழுதடைந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதன் வாயிலுள்ள குழாய்க்குள் ஆல்கஹால் ஆவி வந்தது. அதை அது சரியாகவே உணர்ந்தது. அந்த ஆவி ரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக வந்ததா, வாயில் தங்கியிருந்த பழச்சாற்றிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவது மட்டும் அதற்கு இயலவில்லை. மூச்சுப் பரிசோதனைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இடையே காணப்படும் பெரும்பாலான வேறுபாடுகள் இதே வகையைச் சேர்ந்தவை. இரண்டு பரிசோதனைகளும் ஒரே பொருளை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளப்பதில்லை.

சட்டம் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆவது பிரிவின்படி, வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது குற்றமாகும். முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றம் புரிந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ரூ.15,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்தத் தொகைகள் 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால் உயர்த்தப்பட்டவை.

இப்பிரிவின் சொல்லமைப்பு கவனிக்கத்தக்கது. வரம்பு ரத்தத்துக்கு வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் அந்த அளவு மூச்சுப் பகுப்பாய்வுக் கருவியால் கண்டறியப்படுவதாகக் கூறப்பட்டுள்ளது. ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட பிற பரிசோதனைகளும் இருக்கலாம் என்ற சொற்கள் 2019 திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டன. எனவே இந்தியச் சாலைகளில் பயன்படும் கருவிகள் மூச்சை அளந்து, அதை ரத்தத்தின் கணக்குக்கு மாற்றித் திரையில் காட்டுகின்றன. '42' என்று திரையில் தோன்றினால், ரத்தத்தில் 42 மில்லிகிராம் அளக்கப்பட்டது என்று பொருளில்லை. மூச்சில் கண்ட அளவு, ஒரு நிலையான எண்ணால் பெருக்கப்பட்டு 42 ஆகியிருக்கிறது என்பதே பொருள்.

பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூச்சுக்குத் தனி வரம்பு (100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம்), ரத்தத்துக்குத் தனி வரம்பு (100 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம்) எனச் சட்டமே வகுத்துள்ளது. அங்கு மூச்சளவை ரத்த அளவாக மாற்ற வேண்டிய தேவை எழுவதில்லை; ஆகவே அந்த மாற்றம் சரியா என்ற வாதத்துக்கும் பெரிய இடமில்லை. இந்திய முறையில் அந்த வாதம் கருவியின் உள்ளேயே பொதிந்திருக்கிறது.

கருவியின் உள்ளே நடப்பது

அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் 1954-இல் உருவாக்கிய 'பிரீத்தலைசர்' கருவி நிற மாற்றத்தைக் கொண்டு இயங்கியது. ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல், ஆல்கஹால் பட்டவுடன் பச்சையை நோக்கி மாறும். எவ்வளவு மாறியது என்பதை ஒளி உணர்கருவி அளக்கும். இன்று காவல்துறையினர் கையில் வைத்திருக்கும் தரமான கருவிகளில் கரைசல் இல்லை. அவற்றில் இருப்பது எரிபொருள் மின்கலம்.

இரு பக்கமும் பிளாட்டினம் பூசப்பட்ட மெல்லிய, நுண்துளைகள் நிறைந்த தகடு ஒன்று. அதன் நடுவே அமிலம் ஊறியிருக்கும். ஒருவர் ஊதும்போது, மூச்சு முழுவதும் அந்தத் தகட்டின் மீது படுவதில்லை. ஊதும் காற்று வெளியேறிக்கொண்டே இருக்க, ஊதலின் இறுதிக் கட்டத்தில் ஒரு சிறு உறிஞ்சுவிசை ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் மூச்சை மட்டும் தகட்டின் மீது இழுக்கிறது. அதிலுள்ள எத்தனால் மூலக்கூறுகள் பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அசெட்டிக் அமிலமாகின்றன. அப்போது வெளிப்படும் எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியாக மறுபக்கத்துக்குச் சென்று, அங்குள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீரை உருவாக்குகின்றன. எலெக்ட்ரான்களின் இந்த ஓட்டமே மின்னோட்டம். ஆல்கஹால் அதிகமானால் மின்னோட்டம் அதிகம். கருவி அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றுகிறது.

அளக்கப்படும் பொருள் எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. சட்ட வரம்பான 30 மில்லிகிராமுக்கு இணையான மூச்சின் ஒரு லிட்டரில் இருக்கும் ஆல்கஹால் 0.143 மில்லிகிராம். கருவி இழுத்துக்கொள்ளும் ஒரு மில்லிலிட்டரில் இருப்பது ஒரு மில்லிகிராமின் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. கைக்கு அடக்கமான ஒரு கருவி இதை அளப்பது வியப்புக்குரியதே. அதே காரணத்தால், ஒரு துளி மது வாயில் எஞ்சியிருந்தாலும் அது இந்தச் சிற்றளவை மூழ்கடித்துவிடும்.

சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவிகள் வேறு இனம். அவற்றில் பெரும்பாலும் வெள்ளீய ஆக்சைடு பூசிய குறைக்கடத்தி உணர்கருவியே உள்ளது. எரியக்கூடிய ஆவிகள் பலவற்றுக்கும் அது எதிர்வினையாற்றும். சிகரெட் புகை, பெட்ரோல் ஆவி, நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவரின் மூச்சிலுள்ள அசிட்டோன் ஆகியவற்றையும் அது ஆல்கஹால் என்று எண்ணக்கூடும். எரிபொருள் மின்கலம் அசிட்டோனைப் பொருட்படுத்துவதில்லை. எனினும் மெத்தனால், கைச்சுத்திகரிப்புத் திரவங்களில் உள்ள ஐசோபுரொப்பனால் போன்ற பிற ஆல்கஹால்களை எத்தனாலிலிருந்து பிரித்தறியாது. வீட்டில் வாங்கி வைத்த கருவியில் தேறிவிட்டோம் என்ற நம்பிக்கையில் வண்டியை எடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

2,100 என்ற எண்

நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்று நுண்ணறைகளின் மெல்லிய சுவருக்கு ஒருபுறம் ரத்தம், மறுபுறம் காற்று. ரத்தத்திலுள்ள ஆல்கஹாலில் ஒரு சிறு பங்கு ஆவியாகிக் காற்றுக்குள் வருகிறது. வெப்பநிலை மாறாதவரை இந்தப் பங்கு நிலையானது. 2,100 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலுக்குச் சமம் என்று கொள்ளப்பட்டு, அந்த விகிதமே பெரும்பாலான கருவிகளில் பதிக்கப்பட்டுள்ளது. பிரிட்டனின் வரம்புகள் 2,300 என்ற விகிதத்தை ஒட்டியவை.

உண்மையில் எல்லா மனிதர்களுக்கும் ஒரே விகிதம் கிடையாது. ஆளுக்கு ஆள் அது மாறும். ஒருவருக்கே வெவ்வேறு நேரத்தில் மாறும். மது முழுவதும் ரத்தத்தில் கலந்து, அளவு இறங்கத் தொடங்கிய பின்னர் அளந்தால் பலரிடமும் சராசரி 2,300-ஐ ஒட்டியே வருகிறது. அதாவது, கருவிக்குள் இருக்கும் எண் பொதுவாக ஊதுபவருக்குச் சாதகமானது.

கணக்காகப் பார்த்தால் இது விளங்கும். ஒருவருடைய உண்மையான விகிதம் 2,400 என்று கொள்வோம். கருவி 30 என்று காட்டினால், அவருடைய ரத்தத்தில் உண்மையில் சுமார் 34 மில்லிகிராம் இருக்கிறது. அவர் வரம்புக்கு மேலே இருந்தும் கருவி அவரை விட்டுவிடுகிறது. இன்னொருவருடைய விகிதம் 1,900 எனில், கருவி 30 காட்டும்போது அவருடைய ரத்தத்தில் இருப்பது சுமார் 27 மட்டுமே. இந்த இரண்டாவது மனிதர்கள் குறைவு; ஆனால் இல்லாமல் இல்லை.

வரம்பு 80 ஆக இருக்கும் நாட்டில், பிடிபடும் பலரும் 120, 150 என்று மிக மேலே இருப்பதால் மூன்று, நான்கு மில்லிகிராம் வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. 30 என்ற கடுமையான வரம்பில், ஒரே அளவு அருந்திய இருவரில் ஒருவர் 28 எனத் தப்புவதும் மற்றவர் 32 எனச் சிக்குவதும் நடக்கும். இந்தியாவில் இந்தச் சிறு வேறுபாடுகள் நீதிமன்றம் வரை செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதே வேளையில், 150 என்று காட்டிய கருவியை எதிர்த்து விகிதத்தைப் பற்றி வாதிடுவதில் பொருளில்லை. எந்த விகிதத்தை எடுத்துக்கொண்டாலும் அவர் 30-க்கு மேலேதான் இருப்பார்.

ஊதும் விதமும் உடல் வெப்பமும்

முதலில் வெளிவரும் மூச்சு வாய், தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றில் இருந்த காற்று. ரத்தத்தோடு தொடர்புடைய ஆழக் காற்று கடைசியில்தான் வரும். அதனால்தான் ஒலி நிற்கும் வரை விடாமல் ஊதும்படி காவலர் வலியுறுத்துகிறார். போதிய கொள்ளளவு மூச்சு கடந்து செல்லும் வரை கருவி மாதிரியை எடுப்பதில்லை. அரைகுறையாக ஊதினால் சில கருவிகள் பிழை என்று அறிவித்துவிடும். சில கருவிகளில் அலுவலரே விசையை அழுத்தி மாதிரி எடுக்க இயலும். அவ்வாறு எடுத்த அளவு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஊதுவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் குறையலாம். மாறாக, அரை நிமிடம் மூச்சை அடக்கிவிட்டு ஊதினால் சுமார் 15 சதவீதம் கூடலாம். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொள்பவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள் என்று சொல்லலாம்.

காய்ச்சல் இதைவிட நுட்பமானது. உடல் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், ரத்தத்திலிருந்து மூச்சுக்கு வரும் ஆல்கஹால் ஏறத்தாழ 6.5 சதவீதம் கூடும். 39 டிகிரி காய்ச்சலில் இருப்பவரின் ரத்தத்தில் 27 மில்லிகிராம் இருந்தால் கருவி 30-ஐச் சற்றே தாண்டிக் காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனையில் இந்தக் கோளாறு வராது.

வாயில் தங்கிய ஆல்கஹால்

பந்தளத்தில் நடந்ததற்கு மீண்டும் வருவோம். நன்கு கனிந்த பலாப்பழத்தில் சர்க்கரை மிகுதி. வெப்பத்தில் இருக்கும்போது இயற்கையான ஈஸ்ட்டுகள் அதை நொதிக்கச் செய்ய, சிறிதளவு எத்தனால் உருவாகிறது. அந்த அளவு ஒருவரைப் போதைக்கு உள்ளாக்காது. ரத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவைக் கூட்டவும் செய்யாது. ஆனால் சுளையை மென்று விழுங்கியவுடன் ஊதினால், வாயின் ஈரத்தில் கலந்திருக்கும் எத்தனால் மூச்சோடு நேராகக் கருவிக்குள் போகிறது. கருவியோ அது நுரையீரலிலிருந்து வந்ததாகக் கொண்டு 2,100-ஆல் பெருக்கிவிடுகிறது.

வாய் கொப்பளிக்கும் திரவங்கள், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துகள், ஹோமியோபதித் துளி மருந்துகள் ஆகியவையும் இவ்வாறே செயல்படும். கொப்பளிக்கும் திரவங்கள் சிலவற்றில் 20 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் உண்டு; கொப்பளித்துத் துப்பிய அடுத்த நிமிடம் ஊதினால் மிக உயர்ந்த அளவு தோன்றும். விமானப் பணியாளர்கள் ஆல்கஹால் கலந்த கொப்பளிக்கும் திரவத்தையோ பற்பசைக் கூழையோ பயன்படுத்தக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023-இல் விதியைத் திருத்தியதற்கும் இதுவே அடிப்படை.

வாயிலுள்ள ஆல்கஹால் விரைவில் மறைந்துவிடும் என்பது நல்வாய்ப்பு. உமிழ்நீரும் மூச்சும் அதைப் பத்து, பதினைந்து நிமிடங்களில் துடைத்துவிடுகின்றன. எனவே 15 நிமிடம் எதையும் உண்ணாமல், பருகாமல், புகைக்காமல் காத்திருந்து மீண்டும் ஊதச் செய்வதே உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. இரண்டு அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஆல்கஹால் ரத்தத்திலிருந்து வருகிறது. முதலில் 60, பின்னர் 5 என்று சரிந்தால் அது வாயில் இருந்த ஆல்கஹால். உடல் அத்தனை வேகமாக மதுவை எரிப்பதில்லை. காத்திருக்கும் நேரத்தில் ஏப்பம் வந்தாலோ, வயிற்றிலிருந்து புளிப்பு மேலேறினாலோ, 15 நிமிடக் கணக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். வயிற்றிலிருந்து மது மீண்டும் வாய்க்கு வந்திருக்கக்கூடும்.

வாகனங்கள் வரிசையில் நிற்கும் சாலைச் சோதனையில் ஒவ்வொருவரையும் 15 நிமிடம் நிறுத்திவைப்பது இயலாது. அதனால் முதலில் வாய்க்குழாய் இல்லாமல், சற்று தொலைவிலிருந்து ஊதச் செய்து ஆல்கஹால் உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பதும், உண்டு என்றால் புதிய வாய்க்குழாய் பொருத்தி அளவிடுவதும் பல இடங்களில் வழக்கம். முதல் கட்டம் வெறும் சலிப்பே. அருகில் கைச்சுத்திகரிப்புத் திரவத்தின் ஆவி இருந்தாலும், காரினுள் அருகில் அமர்ந்திருப்பவர் மது அருந்தியிருந்தாலும் அதில் விளக்கு எரியக்கூடும். இதன் விளைவை மட்டும் கொண்டு ஒருவரது ரத்த அளவைச் சொல்ல முடியாது.

கடிகாரத்தின் பங்கு

அதிகக் குழப்பத்தை ஏற்படுத்துவது நேரம். சட்டத்தின் 203-ஆவது பிரிவு சாலையோர மூச்சுப் பரிசோதனையைப் பற்றியது. அதில் ஆல்கஹால் தென்பட்டால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். 204-ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருத்துவர் ரத்த மாதிரி எடுப்பதைப் பற்றியது. கைது செய்யப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும், தவறினால் அவர் காவலிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும் என்று 202-ஆவது பிரிவு கூறுகிறது. மூச்சுக்கும் ரத்தத்துக்கும் இடையே ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழிவது இதனால் இயல்பாகிறது. இதற்குள் உடல் சும்மா இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு மது அருந்துவதை நிறுத்திவிட்டு, 11.10 மணிக்குச் சாலையில் நிறுத்தப்படுகிறார். கருவி 46 காட்டுகிறது. மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும்போது மணி 12.50. ஆய்வகம் 22 என்று அறிக்கை தருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் கருவி இரு மடங்குக்கும் மேல் தவறாகக் காட்டியதாகத் தோன்றும். '22 தானே, வரம்புக்குக் கீழே' என்றும் வாதிடப்படும்.

கல்லீரல் மதுவை ஏறத்தாழச் சீரான வேகத்தில் அகற்றுகிறது. பெரும்பாலோருக்கு அது மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை. சராசரியாக 15 என்று கொள்வது வழக்கம். இந்த மனிதர் விஷயத்தில் 100 நிமிடங்களில் 24 மில்லிகிராம் குறைந்திருக்கிறது. மணிக் கணக்கில் அது 14.4. முற்றிலும் இயல்பான வேகம். மிக மெதுவாக, மணிக்கு 10 வீதம் குறைந்ததாகக் கொண்டாலும், 11.10 மணிக்கு அவரது ரத்தத்தில் 38-க்கு மேல் இருந்திருக்கும். ஆகவே இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை; உறுதிப்படுத்துகின்றன. சட்டம் கேட்பது வாகனம் ஓட்டியபோது இருந்த அளவை. ஊசி குத்தியபோது இருந்ததை அல்ல.

இந்தப் பின்னோக்கிய கணக்கு எப்போதும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடைசிக் கோப்பையை அருந்திய பின் ரத்த அளவு உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். வயிறு நிறைய உண்டிருந்தால் இன்னும் தாமதமாகும். 10.50-க்கு அவசரமாக அருந்திவிட்டு 11.10-க்குப் பிடிபட்டவர் ஏறுமுகத்தில் இருக்கிறார். சாலையில் 28 காட்டிய அவரது ரத்தம், 12 மணிக்கு எடுக்கும்போது 40-ஐத் தாண்டியிருக்கலாம். அவருக்கு மணிக்கு 15 கூட்டிப் பின்னோக்கிக் கணக்கிட்டால் விடை முற்றிலும் தவறாகும். கடைசியாக எப்போது அருந்தினார் என்பது பதிவு செய்யப்படாத வழக்குகளில், பின்னோக்கிய கணக்கை நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது கடினம்.

ஏறுமுகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூச்சு, நுரையீரலை விட்டுத் தமனிகளுக்குச் செல்லும் ரத்தத்தைப் பிரதிபலிக்கிறது. ஊசியோ கையின் சிரையில் குத்தப்படுகிறது. மது உறிஞ்சப்பட்டுக்கொண்டிருக்கும்போது தமனி ரத்தத்தில் ஆல்கஹால் அதிகமாகவும், தசைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பின் திரும்பும் சிரை ரத்தத்தில் குறைவாகவும் இருக்கும். ஆகவே அந்த நேரத்தில் ஒரே நொடியில் இரண்டையும் அளந்தாலும் மூச்சின் அளவு கூடுதலாகவே வரும். மூளைக்குச் செல்வது தமனி ரத்தம் என்பதால், அந்தக் கட்டத்தில் போதையின் நிலையை மூச்சே நெருக்கமாகச் சொல்கிறது என்பது சற்று வினோதமான உண்மை.

ரத்த அறிக்கையும் பிழைக்கு அப்பாற்பட்டதல்ல

தடயவியல் ஆய்வகங்கள் வாயு நிறப்பிரிகை முறையில் ரத்தத்தைப் பரிசோதிக்கின்றன. மூடிய குப்பியில் ரத்தத்தைச் சூடாக்கி, மேலே சேரும் ஆவியை நீண்ட நுண்குழாய் வழியாகச் செலுத்தும்போது எத்தனால், மெத்தனால், அசிட்டோன் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். மூச்சுக் கருவியால் இயலாத இந்தப் பிரித்தறிதலே ஆய்வக முறையின் பெரும் வலிமை.

ஆயினும் ஆய்வகம் தன் கைக்கு வந்த குப்பியைத்தான் அளக்க முடியும். ஊசி குத்துமுன் தோலை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பது மருத்துவமனைகளில் கைப்பழக்கம். மதுப் பரிசோதனைக்கு ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினியையே பயன்படுத்த வேண்டும். குப்பியில் சோடியம் ஃபுளூரைடும், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்க வேண்டும். ஃபுளூரைடு இல்லாத குப்பி கோடை வெப்பத்தில் நாள்கணக்கில் கிடந்தால், நுண்ணுயிரிகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நொதிக்கச் செய்து இல்லாத ஆல்கஹாலை உருவாக்கலாம். இருக்கும் ஆல்கஹாலைத் தின்று குறைத்தும் விடலாம். பலாச்சுளைக்கு நேர்ந்ததே குப்பிக்குள்ளும் நேர்கிறது.

விபத்தில் காயமடைந்தவர்களின் வழக்குகளில் மற்றொரு பொறி உண்டு. சிகிச்சைக்காக மருத்துவமனை செய்யும் பரிசோதனை பெரும்பாலும் முழு ரத்தத்தில் அல்ல, அணுக்கள் நீக்கப்பட்ட சீரத்தில் செய்யப்படுகிறது. சீரத்தில் நீர் அதிகம். ஆல்கஹால் நீரோடு சேர்வது. எனவே சீர அளவு முழு ரத்த அளவைவிட ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாக இருக்கும். சீரத்தில் 34 என்ற அறிக்கை, முழு ரத்தத்தில் சுமார் 30-க்குச் சமம். சட்ட வரம்பின் கோட்டின் மீதே நிற்கிறது. அறிக்கையில் 'சீரம்' என்ற ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டையும் ஒப்பிடுவது பிழை.

அச்சுச் சீட்டில் பார்க்க வேண்டியவை

மூச்சுக் கருவி தரும் சிறு காகிதச் சீட்டில் எண்ணைத் தவிர வேறு சிலவும் அச்சாகியிருக்கும். அவற்றுள் முதன்மையானது வெற்றுச் சோதனையின் விடை. ஒருவர் ஊதுவதற்கு முன், கருவி சுற்றியுள்ள காற்றை உறிஞ்சி அளக்கிறது. அது பூச்சியமாக இருக்க வேண்டும். முந்தைய நபர் மிக அதிகமாக அருந்தியிருந்தால், அவரது ஆல்கஹாலின் எச்சம் தகட்டில் தங்கியிருக்கக்கூடும். குளிர்காலத்தில் குழாயில் ஈரம் படிந்தும் சற்று ஆல்கஹால் எஞ்சலாம். பூச்சியம் வராத நிலையில் அடுத்தவரை ஊதச் செய்து பெற்ற எண்ணில், எவ்வளவு அவருடையது என்று யாராலும் சொல்ல இயலாது.

அடுத்தது நாளும் நேரமும். கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால் மேலே கண்ட பின்னோக்கிய கணக்கு முழுவதும் குலைந்துவிடும். முதல் ஊதலுக்கும் இரண்டாவது ஊதலுக்கும் இடையே எத்தனை நிமிடம், இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கம் என்பதும் சீட்டிலிருந்தே தெரியவரும்.

கடைசியாக அளவுத்திருத்த நாள். எரிபொருள் மின்கலம் பயன்பாட்டில் மெல்லத் தளர்கிறது. அமிலம் வறண்டும், பிளாட்டினம் மங்கியும் அதே ஆல்கஹாலுக்கு முன்னைவிடக் குறைவான மின்னோட்டத்தைத் தரத் தொடங்கும். எனவே தயாரிப்பாளர் குறிப்பிடும் கால இடைவெளியில், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ, அளவு தெரிந்த எத்தனால் கலந்த வாயுவைச் செலுத்தி, கருவி அதே அளவைக் காட்டுமாறு திருத்துகிறார்கள். நீர்க் கரைசலைப் பயன்படுத்தினால் அதை 34 டிகிரி வெப்பத்தில் வைத்திருப்பார்கள். வாயிலிருந்து வெளிவரும் மூச்சின் வெப்பம் அது. திருத்தப்படாத பழைய கருவி, அஞ்சப்படுவதற்கு மாறாக, பெரும்பாலும் குறைத்தே காட்டும். பிடிபட்டவர் அதைப் பற்றிக் குறை சொல்வது அரிது. அந்தக் கருவியில் தேறி வண்டியை ஓட்டிச் சென்றவர்களைப் பற்றிய பதிவு எந்தச் சீட்டிலும் இராது.